பிப்ரவரி 28-இல் காணாமற்போன இரண்டு நாள்

கடலூர் சிப்காட் பகுதியில் உள்ள ஓர் ஆலையின் தொழிலாளர் வருங்கால வைப்புநிதி அறக்கட்டளைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். நிதியில் பெரும்பங்கு அரசுக் கடன்பத்திரங்களில் இருக்கிறது. மத்திய அரசுப் பத்திரங்கள் சில, தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகளின் பத்திரங்கள் சில. எனக்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்த அண்ணன் ஓய்வுபெறும்போது ஓர் எக்செல் கோப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார். பத்திரத்தின் பெயர், முகமதிப்பு, வட்டி விகிதம், கடைசியாக வட்டி வந்த தேதி ஆகியவற்றை இட்டால், இன்றுவரை எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். பல வருடமாக அதை நம்பித்தான் ஆண்டுக் கணக்கை முடித்துவந்தோம். அந்தக் கோப்பில் ஒரே ஒரு சூத்திரத்தைத் திருத்தியதைப் பற்றியது இந்தப் பதிவு. திருத்தம் ஒரு சொல் அளவுதான். அந்தச் சொல் ஏன் வேண்டும் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

2025 மார்ச் 20, வியாழக்கிழமை. 7.95% அரசுப் பத்திரம் 2032 எங்களிடம் ஏற்கெனவே 50 லட்சம் இருந்தது. அன்று இன்னும் 25 லட்சம் வாங்கினோம். அரசுப் பத்திரத்தில் பேரம் முடிந்த மறுநாள் பணமும் பத்திரமும் கைமாறும். ஆகவே தீர்வு நாள் மார்ச் 21. இந்தப் பத்திரம் 2032 ஆகஸ்ட் 28 அன்று முதிர்வடைகிறது. வட்டி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 28, ஆகஸ்ட் 28 ஆகிய நாள்களில் வரும்.

இடையில் வாங்குபவர் பேசிய விலையை மட்டும் கொடுத்தால் போதாது. கடைசி வட்டி நாளிலிருந்து தீர்வு நாள்வரை விற்றவர் கையில் பத்திரம் இருந்திருக்கிறது. அந்த நாள்களுக்கான வட்டியையும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகஸ்டில் அரையாண்டு வட்டி முழுதும் நமக்கு வரும்போது அது நம்மிடம் திரும்பிவிடும். இதைத்தான் சேர்ந்த வட்டி என்கிறோம்.

மாலையில் தரகரிடமிருந்து மின்னஞ்சலில் ஒப்பந்தச் சீட்டு வந்தது. சேர்ந்த வட்டி 12,697 ரூபாய் 92 காசு, நாள்கள் 23 என்று இருந்தது. என் கோப்பு 11,593 ரூபாய் 75 காசு, நாள்கள் 21 என்றது. வித்தியாசம் 1,104 ரூபாய் 17 காசு. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன். பிப்ரவரி 28-இலிருந்து மார்ச் 21-க்கு இருபத்தொரு நாள். கோப்பும் 21, நாட்காட்டியும் 21. இரண்டு சாட்சிகள் ஒன்றாகச் சொல்லும்போது தவறு தரகர் பக்கம்தான் என்று முடிவுகட்டினேன். மறுநாள் காலை பணம் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அழைத்தேன்.

மறுமுனையில் பேசிய பெண் பொறுமையானவர். "சார், இந்தப் பத்திரத்துக்கு மாதம் என்றால் முப்பது நாள். பிப்ரவரியும் முப்பதுதான். 28-இலிருந்து 30 வரை இரண்டு, மார்ச்சில் 21. கூட்டினால் 23" என்றார். நான் பதில் பேசவில்லை. அவர் சொன்னது சரி. நம் அரசுப் பத்திரங்களுக்கு நாள் எண்ணும் முறை 30/360. எந்த மாதமாக இருந்தாலும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்பது எனக்கும் தெரியும். சீட்டில் கண்டபடி பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஆனால் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. என் கோப்பும் 30/360 முறையில்தான் எண்ணுகிறது. அதற்காகவே எக்செலில் இருக்கும் `DAYS360` என்ற சூத்திரத்தைத்தான் அண்ணன் போட்டிருந்தார். மாதத்தை முப்பதாக எண்ணும் சூத்திரம் 23 என்றல்லவா சொல்ல வேண்டும்? நாட்காட்டி சொன்ன அதே 21 அதற்கு எங்கிருந்து வந்தது?

முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 30/360-இன் அடிப்படைக் கணக்கு மிக எளிது. ஆண்டு வித்தியாசத்தை 360-ஆலும் மாத வித்தியாசத்தை 30-ஆலும் பெருக்கி, தேதி வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். ஆண்டு வித்தியாசம் 0. மாத வித்தியாசம் 1, அதாவது 30. தேதி வித்தியாசம் 21-இல் 28 போக, கழித்தல் 7. ஆக 23. காகிதம் தரகர் பக்கம் நின்றது.

பிறகு கோப்பில் தொடக்கத் தேதியை மட்டும் ஒவ்வொரு நாளாக நகர்த்தினேன். முடிவுத் தேதி மார்ச் 21-ஆகவே இருந்தது. பிப்ரவரி 26 என்று இட்டால் 25 வந்தது. 27-க்கு 24. 28-க்கு 21. மார்ச் 1-க்கு 20. ஒரு நாள் நகர்த்தினால் ஒரு நாள் குறைய வேண்டும். 27-இலிருந்து 28-க்கு வரும்போது மட்டும் மூன்று நாள் குறைந்தது. 28 என்ற தேதியைக் கண்டதும் எக்செல் அதை வேறு ஏதோவாக மாற்றிக்கொள்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. எதுவாக மாற்றினால் 21 வரும்? தேதி வித்தியாசம் கழித்தல் 9 ஆக வேண்டும். அப்படியானால் தொடக்கத் தேதி 30. பிப்ரவரி 28-ஐ அது பிப்ரவரி 30 என்று எடுத்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி என்பதில்தான் 30/360-இன் மாதக்கடைசி விதிகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. எல்லா மாதத்தையும் முப்பதாக்கிவிட்டால் இரண்டு தேதிகள் தொல்லை தரும். ஒன்று 31. முப்பது நாள் மாதத்தில் அதற்கு இடமில்லை. இன்னொன்று பிப்ரவரியின் கடைசி நாள். அது 28-ஆகவோ 29-ஆகவோ நிற்கும், ஆனால் மாதம் 30 வரை போக வேண்டும். இந்த இரண்டையும் என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு சந்தையும் ஒவ்வொரு வழக்கத்தை வைத்துக்கொண்டது. பெயர் எல்லாவற்றுக்கும் 30/360 என்றே இருப்பதால் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஐரோப்பிய வழக்கம் எளிமையானது. தொடக்கமோ முடிவோ, தேதி 31 என்றால் 30 ஆக்கு. வேறெதையும் தொடாதே. பிப்ரவரி 28 என்றால் 28-தான்.

அமெரிக்க வழக்கத்தில் நிபந்தனைகள் உண்டு. தொடக்கத் தேதி 31 என்றால் 30 ஆகும். முடிவுத் தேதி 31 என்றால், தொடக்கம் 30 அல்லது 31 ஆக இருந்தால் மட்டுமே அது 30 ஆகும். இல்லாவிட்டால் 31-ஆகவே எண்ணப்படும். அதோடு பிப்ரவரிக்கு ஒரு விதி: மாதக்கடைசியில் வட்டி தரும் பத்திரமாக இருந்து, தொடக்கத் தேதி பிப்ரவரியின் கடைசி நாளாக இருந்தால் அதை 30 என்று கொள்ள வேண்டும்.

இந்தப் பிப்ரவரி விதி வீண் விதி இல்லை. ஆகஸ்ட் 31-இலும் பிப்ரவரி கடைசியிலும் வட்டி தரும் ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிப்ரவரி 28 என்பது உண்மையில் மாதக்கடைசி என்பதன் இன்னொரு பெயர். அதை 30 என்று எடுத்துக்கொண்டால், பிப்ரவரி 28-இலிருந்து ஆகஸ்ட் 31-க்குச் சரியாக 180 நாள் வரும். 28-ஆகவே விட்டால் ஐரோப்பிய முறையில் 182 வரும். அரையாண்டு வட்டியோ 180 நாளுக்கு உரியது. கடைசி நாள்களில் சேர்ந்த வட்டி, வரப்போகும் வட்டியையே மிஞ்சி நிற்கும். அதைத் தடுக்கத்தான் அந்த விதி.

எங்கள் பத்திரம் அந்த வகை இல்லை. அது ஒவ்வொரு முறையும் 28-ஆம் தேதி வட்டி தருகிறது. ஆகஸ்டில் 28 மாதக்கடைசி இல்லை. பிப்ரவரியில் மட்டும், அதுவும் லீப் அல்லாத ஆண்டுகளில் மட்டும், 28 தற்செயலாக மாதக்கடைசியாகிவிடுகிறது. இந்த வேறுபாடு பிப்ரவரி 28 என்ற தேதியைப் பார்த்தால் தெரியாது. பத்திரத்தின் முதிர்வு தேதியைப் பார்த்தால்தான் தெரியும். `DAYS360`-க்கு நாம் கொடுப்பது இரண்டு தேதிகள்தான். முதிர்வு தேதியை நாம் அதனிடம் சொல்வதே இல்லை. எதுவும் சொல்லாமல் விட்டால் அது அமெரிக்க முறையை எடுத்துக்கொள்ளும். தொடக்கத் தேதி மாதக்கடைசி என்று கண்டால், பத்திரம் எந்த வகை என்று கேட்க வழியில்லாமல் 30 ஆக்கிவிடும். மூன்றாவது இடத்தில் `TRUE` என்று இட்டால் ஐரோப்பிய முறைக்கு மாறும்.

21 என்ற விடை நாட்காட்டியோடு ஒத்துப்போனதற்கும் காரணம் இதுதான். பிப்ரவரி 28-ஐ 30 ஆக்கியதும், இல்லாத இரண்டு நாள்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. எஞ்சியது மார்ச்சின் 21 நாள். உண்மையான நாள் எண்ணிக்கையும் அதுவே. தவறான விடைக்கு நாட்காட்டி பொய்ச்சாட்சி சொல்லிவிட்டது.

இத்தோடு `TRUE` என்று போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் மார்ச் 21 என்ற ஒரே ஒரு நாளை வைத்து நம் சந்தை எந்த வழக்கத்தில் எண்ணுகிறது என்று முடிவு செய்ய முடியாது. அமெரிக்க முறையைச் சரியாகக் கையாண்டாலும், அதாவது மாதக்கடைசிப் பத்திரம் இல்லை என்று பிப்ரவரி விதியை விலக்கினாலும், 23-தான் வரும். இரண்டையும் பிரித்துக்காட்ட 31-ஆம் தேதியில் தீர்வான ஒரு சீட்டு வேண்டும். தொடக்கத் தேதி 30-க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் அலுவலகத்தில் யாரும் இல்லை. பழைய ஒப்பந்தச் சீட்டுகள் நூல் கட்டிய கோப்புகளில் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டியதில் ஒன்று கிடைத்தது. 7.18% அரசுப் பத்திரம் 2033, பத்து லட்சம், தீர்வு நாள் 2024 ஜனவரி 31. அந்தப் பத்திரத்தின் வட்டி நாள்கள் பிப்ரவரி 14, ஆகஸ்ட் 14. வெளியிடப்பட்டதே 2023 ஆகஸ்ட் 14-இல் என்பதால் நாள்களை அங்கிருந்து எண்ண வேண்டும். ஆகஸ்ட் 14-இலிருந்து ஜனவரி 14 வரை ஐந்து மாதம், 150 நாள். அங்கிருந்து ஜனவரி 31 வரை, 31-ஐ 30 ஆக்கினால் 16, ஆக்காவிட்டால் 17. ஆக ஐரோப்பிய முறையில் 166, அமெரிக்க முறையில் 167. சீட்டில் 166 நாள், 33,107 ரூபாய் 78 காசு என்று இருந்தது. 167 என்றால் 199 ரூபாய் 44 காசு கூடியிருக்கும்.

சந்தேகம் தீர்ந்தது. மாதம் எதுவானாலும் முப்பது என்று ரிசர்வ் வங்கி சொல்வதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் கிடைப்பதும் இதுதான். 31-ஆம் தேதிக்குத் தனி வட்டி கிடையாது. 30-ஆம் தேதி தீர்வானாலும் 31-ஆம் தேதி தீர்வானாலும் வாங்குபவர் ஒரே தொகையைத்தான் கொடுப்பார். பிப்ரவரி 28-க்கும் மார்ச் 1-க்கும் நடுவில் ஓர் இரவில் மூன்று நாள் வட்டி ஏறும். லீப் ஆண்டில் அது 29-ஆம் தேதி இரவுக்கு இரண்டு நாளாக இருக்கும். ஆண்டு முழுதும் பார்த்தால் எண்ணிக்கை 360-ஆகவே வந்து நிற்கும்.

திருத்தம் இதுதான். முதல் வரி பழையது, இரண்டாவது புதியது. `A2`-வில் கடைசி வட்டி நாள், `B2`-வில் தீர்வு நாள்.

```
=DAYS360(A2,B2)
=DAYS360(A2,B2,TRUE)
```

அந்த மூன்றாவது சொல்லை நாளை யாராவது தெரியாமல் அழித்துவிட்டால் கோப்பு எந்த எச்சரிக்கையும் தராது, பழைய வழிக்குத் திரும்பிவிடும். அதனால் பக்கத்துப் பத்தியில், எக்செலின் முறைத் தேர்வைச் சாராமல் கணக்கை அப்படியே எழுதி வைத்தேன்.

```
=360*(YEAR(B2)-YEAR(A2))+30*(MONTH(B2)-MONTH(A2))
 +MIN(DAY(B2),30)-MIN(DAY(A2),30)
```

31-ஐ 30 ஆக்குவது என்ற ஒரே விதியை `MIN` பார்த்துக்கொள்கிறது. இரண்டு பத்திகளும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வரி சிவப்பாகும்படி செய்துவிட்டேன்.

பிறகு பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே வைத்துச் சில தேதிகளைச் சோதித்தேன். இந்தச் சிறிய அட்டவணை இப்போதும் கோப்பின் கடைசித் தாளில் இருக்கிறது. முதல் எண் பழைய சூத்திரம் தருவது, இரண்டாவது `TRUE` சேர்த்த பின் வருவது.

```
28-02-2025  21-03-2025    21    23
28-02-2025  31-03-2025    30    32
28-02-2024  31-03-2024    33    32
28-08-2024  28-02-2025   180   180
28-02-2025  28-08-2025   178   180
28-08-2025  31-08-2025     3     2
```

ஐந்தாவது வரியை முன்பே பார்த்திருந்தால் இந்தத் தவறு என்றைக்கோ பிடிபட்டிருக்கும். ஒரு வட்டி நாளிலிருந்து அடுத்த வட்டி நாள்வரை எண்ணினால் 180 வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் சூத்திரத்தில் கோளாறு இருக்கிறது. ஒப்பந்தச் சீட்டு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. ஆனால் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரிவரை சோதித்திருந்தால் ஏமாந்திருப்பேன். நான்காவது வரியைப் பாருங்கள், அங்கே பழைய சூத்திரமும் 180-தான் தருகிறது. அது தொடக்கத் தேதியாக வரும் பிப்ரவரி கடைசியை மட்டும்தான் மாற்றியது. சோதனையை இரண்டு அரையாண்டுக்கும் செய்ய வேண்டும்.

மூன்றாவது வரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 2024 மார்ச் 31 ஆண்டுக் கணக்கை இதே கோப்பை வைத்துத்தான் முடித்தோம். 2024 லீப் ஆண்டு. பிப்ரவரி 28 மாதக்கடைசி இல்லை, ஆகவே பிப்ரவரி கோளாறு வந்திருக்காது, அந்த ஆண்டாவது தப்பித்தது என்று நினைத்தேன். அது வரவில்லைதான். அதற்குப் பதிலாக 31-ஆம் தேதி கோளாறு வந்திருந்தது. தொடக்கம் 28 என்பதால் முடிவுத் தேதி 31-ஐ அமெரிக்க முறை குறைக்கவில்லை. 32 நாள் வர வேண்டிய இடத்தில் 33 வந்தது. 50 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 1,104 ரூபாய் 17 காசு. அவ்வளவு தொகையைக் கூடுதலாக வருமானத்தில் காட்டியிருந்தோம்.

கோப்பைத் திருத்தாமல் விட்டிருந்தால் 2025 மார்ச் 31-இல் நிலைமை தலைகீழாகியிருக்கும். அதே 50 லட்சத்துக்கு 30 நாள், 33,125 ரூபாய் என்று காட்டியிருக்கும். சரியான தொகை 32 நாளுக்கு 35,333 ரூபாய் 33 காசு. ஒரே பத்திரம், ஒரே வட்டி நாள், ஒரே கணக்கு முடிப்பு நாள். ஓர் ஆண்டு ஒரு நாள் கூடுதல், மறு ஆண்டு இரண்டு நாள் குறைவு. 30/360-இல் இந்த இரண்டு ஆண்டுக்கும் விடை ஒன்றாகவே இருக்க வேண்டும். லீப் ஆண்டு, சாதாரண ஆண்டு என்ற பேதம் இல்லாமல் இருப்பதற்காகத்தானே இந்த முறையையே வைத்துக்கொண்டிருக்கிறோம். விடை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதே என்பதைக் கண்டே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், எங்கள் தணிக்கையாளர் அம்மாவிடம் அட்டவணையைக் காட்டினேன். அவர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "போன வருடம் கூட்டிக் காட்டியது ஆகஸ்ட் வட்டி வந்ததும் தானாகக் கழிந்திருக்குமே தம்பி, பார்த்தீர்களா?" என்று கேட்டார். அவர் சொன்னதும்தான் பேரேட்டைத் திருப்பினேன். 2024 ஆகஸ்ட் 28-இல் வந்தது 1,98,750 ரூபாய். முந்தைய ஆண்டில் ஏற்கெனவே காட்டிய 36,437 ரூபாய் 50 காசைக் கழித்துவிட்டு மீதியைத்தான் புதிய ஆண்டின் வருமானமாக எழுதியிருந்தோம். கூடுதலாகக் காட்டிய 1,104 ரூபாய் 17 காசு அங்கே குறைந்து சமனாகிவிட்டது. பணம் எங்கும் தொலையவில்லை. ஓர் ஆண்டுக்குரியது இன்னோர் ஆண்டில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார், எழுதி வைத்தேன். அந்த இடைப்பட்ட மாதங்களில் ஓய்வுபெற்றுக் கணக்கை முடித்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது சில காசுகளாகத்தான் இருக்கும். இருந்தாலும் அது அவர்களுடைய காசு.

அவர் எழுப்பிய இன்னொரு கேள்வியும் முக்கியமானது. கோப்பில் ஒரு நிறுவனத்தின் கடன்பத்திரமும் இருந்தது. அதற்கும் இதே சூத்திரத்தை இழுத்துவிட்டிருந்தேன். பட்டியலிடப்பட்ட நிறுவனப் பத்திரங்களுக்கு 30/360 கிடையாது. அங்கே நாட்காட்டியில் உள்ள உண்மையான நாள்களைத்தான் எண்ண வேண்டும். பிப்ரவரி 28 என்றால் மறுநாள் மார்ச் 1, ஒரு நாள் வட்டி. அந்த வரியைத் தனித் தாளுக்கு மாற்றிவிட்டேன். எல்லாம் ஒரே தாளில் இருந்தால் ஒரே சூத்திரத்தை மேலிருந்து கீழே இழுத்துவிடக் கை துடிக்கும்.

மாதக்கடைசியில் வட்டி தரும் பத்திரம் இப்போது எங்களிடம் இல்லை. வந்தால் `TRUE` மட்டும் போதாது. மேலே சொன்ன 182 நாள் பிரச்சினை அங்கே முளைக்கும். அந்தப் பத்திரத்தின் வெளியீட்டு அறிவிப்பைப் படித்து, பிப்ரவரி கடைசியை எப்படி எண்ணுவது என்று பார்த்த பிறகே வரி சேர்க்க வேண்டும். அப்படிப்பட்ட பத்திரத்துக்கு வட்டி நாள்களை உருவாக்குவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆகஸ்ட் 31-இலிருந்து `EDATE` கொண்டு ஆறு மாதம் பின்னால் போனால் பிப்ரவரி 28 வரும். அந்த விடையிலிருந்து மறுபடி ஆறு மாதம் பின்னால் போனால் ஆகஸ்ட் 28-இல் போய் நிற்கும், 31-க்குத் திரும்பாது. ஒவ்வொரு வட்டி நாளையும் முதிர்வு தேதியிலிருந்தே 6, 12, 18 மாதம் என்று எண்ண வேண்டும். முந்தைய விடையின் மேல் அடுத்ததை அடுக்கக் கூடாது.

2025 ஆகஸ்ட் 28-இல் 75 லட்சத்துக்கும் சேர்த்து 2,98,125 ரூபாய் வந்தது. புதிதாக வாங்கிய 25 லட்சத்துக்கு உரியது அதில் 99,375. மார்ச்சில் நாம் கொடுத்த 12,697 ரூபாய் 92 காசைக் கழித்தால் 86,677 ரூபாய் 8 காசு. இதை ஒரு நாள் வட்டியான 552 ரூபாய் 8 காசால் வகுத்துப் பார்த்தேன். 157 நாள். விற்றவருக்கு 23, நமக்கு 157, கூட்டினால் 180. தொலைபேசியில் அந்தப் பெண் சொன்ன 23 அன்று எனக்குள் முழுதாக அடங்கியது.

அடுத்த வட்டி நாளான 2026 பிப்ரவரி 28 அந்த மாதத்தின் நான்காவது சனிக்கிழமையாக வந்தது. வங்கி விடுமுறை, ஆகவே பணம் வருவது அடுத்த வேலை நாளான மார்ச் 2, திங்கட்கிழமை. தாமதத்துக்குத் தனி வட்டி இல்லை, எண்ணிக்கையும் நகராது. கோப்பில் "கடைசியாக வட்டி வந்த தேதி" என்று அண்ணன் வைத்திருந்த தலைப்பு இங்கே ஆபத்தானது. வங்கிக் கணக்கைப் பார்த்து யாராவது மார்ச் 2 என்று இட்டால், மார்ச் 31-க்கு 28 நாள்தான் வரும், 46,375 ரூபாய். தலைப்பை "பத்திரத்தின்படி வட்டி நாள்" என்று மாற்றிவிட்டேன். பிப்ரவரி 28 என்று இட்டால் 32 நாள், ஒரு நாளுக்கு 1,656 ரூபாய் 25 காசு வீதம் காசு சிந்தாமல் 53,000 ரூபாய்.